பதினொன்றரை மணிக் கணக்கு

டீக்கடைத் தொழிலில் கடைநேரத்தை நீட்டுவது பெரும்பாலும் கூட்டத்தைப் பார்த்து எடுக்கப்படும் முடிவாகவே இருந்துவருகிறது. ஷட்டரை இறக்கும் வேளையில் நான்கு பேர் வந்து நின்றுவிட்டுத் திரும்பிப் போனால், அந்த நான்கு பேரின் காசு கைவிட்டுப் போயிற்று என்று கடைக்காரருக்குத் தோன்றுவதும், சில நாளிலேயே கடை மூடும் நேரம் ஒரு மணி நேரம் தள்ளிப்போவதும் எந்த ஊரிலும் காணக்கூடியவை. ஆனால் அந்தக் கூடுதல் நேரம் முழுவதும் பாய்லர் எரிய வேண்டும், மாஸ்டர் நிற்க வேண்டும், கிளாஸ் கழுவ ஆள் வேண்டும், பால் சூடு குறையாமல் இருக்க வேண்டும். இவை நான்கு பேர் வந்தாலும் நாற்பது பேர் வந்தாலும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் செலவு வைக்கின்றன. வந்தவர்கள் கண்ணுக்குத் தெரிகிறார்கள், செலவோ மாதக் கடைசியில்தான் தெரிகிறது என்பதே இந்தத் தொழிலில் இரவுக் கடைகள் பலவும் சத்தமில்லாமல் மூடப்படுவதற்குக் காரணம்.

இந்தக் கட்டுரை எடுத்துக்கொள்ளும் கடை, திருப்பூரில் பனியன் கம்பெனிகள் நெருங்கி நிற்கும் ஒரு தெருவில் உள்ளது. அந்த நகரத்தில் வேலைநேரம் கடிகாரத்தால் அன்றி ‘ஷிப்ட்’டால் அளக்கப்படுகிறது, காலை எட்டரைக்குத் தொடங்கி மாலை ஐந்தரைக்கு முடிவது ஒரு ஷிப்ட், அதைத் தாண்டி இரவு ஒன்பது மணி வரை நீள்வது ஒன்றரை ஷிப்ட், ஆர்டர் அவசரமானால் நள்ளிரவு ஒரு மணி வரை போவது இரண்டு ஷிப்ட் என்று தொழிலாளர்கள் சொல்வார்கள். சம்பளம் வாரச் சம்பளம், சனிக்கிழமை கைக்கு வரும். ஆகவே இத்தெருவில் ஒரு டீக்கடையின் இரவு வியாபாரம் எதிரே உள்ள கம்பெனிகளின் ஆர்டர் புத்தகத்தைப் பொறுத்தது. அந்தப் புத்தகத்தைக் கடைக்காரர் ஒருபோதும் பார்க்கப் போவதில்லை.

கடை காலை நான்கரைக்குத் திறந்து இரவு ஒன்பதரைக்கு மூடப்பட்டுவந்தது. பகலில் கடைக்காரரும் ஒரு மாஸ்டரும், பிற்பகல் ஒன்றரை மணி முதல் மூடும்வரை இன்னொரு மாஸ்டரும் ஓர் உதவியாளரும் என்ற ஏற்பாடு பல ஆண்டுகளாக மாறாமல் இருந்தது. 2025-ஆம் ஆண்டின் நடுப்பகுதியில், இரண்டு ஷிப்ட் ஓட்டும் கம்பெனிகள் தெருவில் கூடியபோது, கடையை இரவு ஒன்றரை வரை திறந்துவைக்கலாம் என்று கடைக்காரர் எண்ணினார். பி.காம். முடித்துவிட்டுக் கல்லாவில் உட்காரத் தொடங்கியிருந்த மகன் அதற்கு மறுப்புச் சொல்லவில்லை. ஆள் வைப்பதற்கு முன் ஒரு கணக்குப் பார்க்க வேண்டும் என்று மட்டும் கேட்டுக்கொண்டார்.

“கூட்டம் நிக்குறது கண்ணுக்குத் தெரியுது, கணக்கு எதுக்கு கண்ணு?” என்று தந்தை கேட்டார். “கூட்டம் நெசந்தானுங்கப்பா. அது எவ்வளவு கொறைஞ்சா நமக்கு நட்டம்னு தெரிஞ்சுக்கோணும்” என்பது மகனின் பதில். அந்தப் பதிலில் இருப்பதைத்தான் செலவுக் கணக்கியல் ‘பாதுகாப்பு விளிம்பு’ என்று குறிப்பிடுகிறது.

இத்தொடருக்கு இரண்டு பயன்பாடுகள் உண்டு என்பதால் முதலில் அவற்றைப் பிரித்துக்கொள்வது நல்லது. பங்குச் சந்தையில் ஈடுபடுவோர் அறிந்த பாதுகாப்பு விளிம்பு, பெஞ்சமின் கிரகாமும் டேவிட் டாடும் 1934-இல் வெளியிட்ட நூலிலும், கிரகாம் 1949-இல் தனியே எழுதிய நூலின் இறுதி அத்தியாயத்திலும் விளக்கப்படுவது. ஒரு பொருளின் உள்ளார்ந்த மதிப்புக்கும் அதற்குக் கொடுக்கும் விலைக்கும் இடையில் போதிய இடைவெளி இருந்தால்தான் வாங்க வேண்டும் என்பது அதன் சாரம். வணிகவியல் பாடத்தில் வரும் பாதுகாப்பு விளிம்பு, விற்பனையின் அளவைப் பற்றியது. லாபமும் இல்லை நட்டமும் இல்லை என்ற அளவு விற்பனையை ‘லாப நட்டமற்ற புள்ளி’ என்றால், எதிர்பார்க்கும் விற்பனை அந்தப் புள்ளிக்கு மேலே எவ்வளவு நிற்கிறதோ அந்த இடைவெளிதான் விளிம்பு. அதை எதிர்பார்க்கும் விற்பனையால் வகுத்து விழுக்காடாகச் சொல்வது வழக்கம். மகன் கையாண்டது இந்த இரண்டாவது பொருளில்தான் என்றாலும், கணிப்பு தவறக்கூடும் என்று முன்னரே ஒப்புக்கொண்டு அதற்கு இடம் விட்டுவைப்பது இரண்டுக்கும் பொது.

லாப நட்டமற்ற புள்ளியைக் கண்டுபிடிக்க, ஒரு டீயில் மிஞ்சுவது எவ்வளவு என்று தெரிய வேண்டும். கடையில் அப்போது டீ பன்னிரண்டு ரூபாய். ஒரு கிளாஸுக்கு ஏறத்தாழ 60 மில்லி பால் போகிறது. லிட்டர் 54 ரூபாய் என்ற விலையில் அது மூன்றேகால் ரூபாய் ஆகிறது. டீத்தூளுக்கு எண்பது காசும், சர்க்கரைக்கு நாற்பத்தைந்து காசும், சிலர் பார்சல் வாங்கும் காகிதக் கப்பையும் சிந்திப்போவதையும் சராசரியாக்கினால் இன்னொரு அரை ரூபாயும் சேர, ஒரு டீயோடு கூடவே பிறந்து அதோடு முடியும் செலவு ஐந்து ரூபாய். இதுதான் ‘மாறும் செலவு’, அதாவது விற்பனை கூடினால் கூடி, குறைந்தால் குறையும் செலவு. மீதமுள்ள ஏழு ரூபாய்க்குப் ‘பங்களிப்பு’ என்று பெயர். கடையின் மற்ற செலவுகளை அடைப்பதற்கு ஒவ்வொரு டீயும் தன் பங்காகக் கொடுப்பது அந்த ஏழு ரூபாய்தான்.

இங்கே காஸை ஐந்து ரூபாய்க்குள் சேர்க்காமல் விட்டது கவனத்துக்குரியது. பகல் முழுவதும் கிளாஸ் ஓயாமல் நகரும் நேரத்தில் காஸைக் கிளாஸுக்கு இவ்வளவு என்று பங்கிட்டுக்கொள்ளலாம். ஆனால் இரவில் ஆள் வந்தாலும் வராவிட்டாலும் பாய்லர் சூட்டோடு இருந்தாக வேண்டியிருப்பதால், அது நேரத்தைப் பொறுத்த செலவாகிவிடுகிறது. ஒரே செலவு பகலில் ஒரு வகையாகவும் இரவில் வேறு வகையாகவும் நடந்துகொள்வதைக் கவனிக்காமல், பகல் கணக்கை அப்படியே இரவுக்கு நீட்டுவது தொழிலில் மிகப் பரவலான பிழை. கடை வாடகையில் நேர் எதிரான பிழை நிகழ்கிறது. கடை ஒன்பதரைக்கு மூடினாலும் ஒன்றரைக்கு மூடினாலும் வாடகை அதேதான். ஆகவே நேரத்தை நீட்டலாமா என்ற கேள்விக்கு வாடகையோடு எந்தத் தொடர்பும் இல்லை. நீட்டிய நேரத்தால் புதிதாக முளைக்கும் செலவை மட்டும், நீட்டிய நேரத்தால் புதிதாக வரும் வரவோடு ஒப்பிட வேண்டும்.

அப்படிப் பார்த்தபோது, ஒன்பதரை முதல் ஒன்றரை வரையான நான்கு மணி நேரத்துக்கு, இரவு மாஸ்டர் கூலி 700 ரூபாய், உதவியாளர் கூலி 400 ரூபாய் என்று ஆயின. 19 கிலோ வணிக சிலிண்டர் அப்போது ஏறக்குறைய 1,800 ரூபாய் விற்றதால், ஒன்றரைக் கிலோ காஸுக்கு 140 ரூபாய் பிடித்தது. விளக்குக்கும் விசிறிக்கும் முப்பது ரூபாய். கடைசியாக, கொட்டப்போகும் பாலுக்கு அறுபது ரூபாய் எழுதப்பட்டது. ஒரு மணிக்கு ஷிப்ட் விடும்போது வரும் கூட்டத்தை எதிர்பார்த்து ஊகத்தில் காய்ச்சி வைக்கும் பாலில் ஒரு லிட்டருக்குக் குறையாமல் மிஞ்சும் என்பதையும், பலமுறை கொதித்த பாலைக் காலை டீக்கு ஊற்றினால் முதல் வாடிக்கையாளரே முகம் சுளிப்பார் என்பதையும் தந்தை நன்கறிந்திருந்தார். மொத்தம் ஓர் இரவுக்கு 1,330 ரூபாய். இதை ஏழால் வகுத்தால் 190 டீ. அந்த எண்ணிக்கைக்குக் கீழே விற்கும் எந்த இரவும், கடை மூடியிருந்திருந்தால் மிஞ்சியிருக்கக்கூடிய பணத்தைத் தின்றுவிடும்.

அடுத்த கேள்வி, எத்தனை டீ விற்கும் என்பது. இதை ஊகிக்காமல், தினக்கூலிக்கு ஒரு மாற்று மாஸ்டரை அமர்த்திச் சில வாரங்கள் திறந்து பார்த்தார்கள். கல்லாவில் சிகரெட், பிஸ்கட், பன் விற்ற காசும் கலந்துவிடும் என்பதாலும், அவற்றில் மிஞ்சுவது டீயில் மிஞ்சுவதைவிட மிகக் குறைவு என்பதாலும், எண்ணிக்கைக்குக் கல்லாவை நம்பவில்லை, பாலை அளந்தார்கள். லிட்டருக்குப் பதினாறு டீ என்பது அந்தக் கடையின் கைப்பழக்கம். இரவில் செலவான பாலில் கொட்டியதைக் கழித்து, மீதியைப் பதினாறால் பெருக்கினால் விற்ற டீ கிடைத்துவிடுகிறது. பிஸ்கட்டிலும் பன்னிலும் வரும் சிறு லாபத்தைக் கணக்கில் சேர்க்காமல் விட்டுவிட்டது வேண்டுமென்றே செய்தது. எழுதாமல் விட்ட வரவு ஒருபோதும் கெடுதல் செய்யாது என்பது மகனின் வாதம்.

திங்களன்று 170, செவ்வாய் 240, புதன் 250, வியாழன் 260, வெள்ளி 280, சம்பள நாளான சனிக்கிழமை 360 என்று சராசரிகள் அமைந்தன. ஞாயிறு இரவு கம்பெனிகளே இல்லை. ஆறு இரவுகளின் சராசரி 260. லாப நட்டமற்ற புள்ளி 190 என்பதால் விளிம்பு 70 டீ, விழுக்காட்டில் 27-க்குச் சற்றுக் குறைவு. வியாபாரம் நான்கில் ஒரு பங்கு குறைந்தாலும் கை கடிக்காது என்பது இதன் பொருள். தந்தைக்கு இது போதுமானதாகத் தெரிந்தது; பெரும்பாலான கடைக்காரர்களுக்கும் தெரியும்.

ஆனால் இரவில் விற்ற 260 டீயும் புதிய டீ அல்ல. முன்பு ஒன்பது மணிக்கு அரக்கப்பரக்க வந்து குடித்துவிட்டுப் போன சிலர், கடை திறந்தே இருக்கும் என்று தெரிந்ததும் ஆற அமரப் பத்து மணிக்கு வந்தார்கள். இரவு ஒரு மணிக்குக் குடித்துவிட்டு அறைக்குப் போனவர்களில் சிலர் விடியற்காலை டீக்கு வரவில்லை. இவர்கள் நீட்டிய நேரத்தில் தென்பட்டாலும் கடைக்குப் புதிதாக ஒரு ரூபாயும் கொண்டுவரவில்லை. இதைக் கண்டுபிடிக்க இரவுக் கணக்கை மட்டும் பார்த்துப் பயனில்லை. எட்டரை முதல் ஒன்பதரை வரையும், காலை திறந்த முதல் ஒன்றரை மணி நேரத்திலும் பால் செலவு முந்தைய வாரங்களைவிட எவ்வளவு இறங்கியது என்று பார்க்க வேண்டும். பார்த்தபோது, முன்னதில் 25 டீயும் பின்னதில் 10 டீயும் குறைந்திருந்தன. ஆக, புதிய விற்பனை 225 மட்டுமே. விளிம்பு 35 டீயாகச் சுருங்கியது; 27 விழுக்காடு என்று தோன்றியது உண்மையில் 15.6 விழுக்காடு. இடம்பெயர்ந்த விற்பனையைக் கழிக்காமல் போடும் கணக்கு, டீ எண்ணிக்கையில் விளிம்பை இரு மடங்காக்கிக் காட்டுகிறது என்பது இந்த நிகழ்வில் மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமான செய்தி.

இந்த இடத்தில் தந்தை, தொழிலில் ஊறிய எவரும் சொல்லக்கூடிய ஒரு மாற்றைச் சொன்னார். “ராத்திரிக்கு மாஸ்டர் எதுக்கு, நீயே நின்னீன்னா எழுநூறு மிச்சம்” என்றார். எண்களைப் பொறுத்தவரை அது மயக்கும் யோசனை. 1,330-இல் 700-ஐக் கழித்தால் 630. அதற்குத் தொண்ணூறு டீ போதும். 225 டீ விற்பனையில் விளிம்பு 60 விழுக்காடாக எழும்பி நிற்கும். ஆயினும் அந்த 60 விழுக்காட்டில் பெரும்பகுதி மகனின் தூக்கத்திலிருந்து எடுக்கப்பட்டது. சொந்த உழைப்புக்குக் கூலி எழுதாத கணக்கு, அந்த உழைப்புக்கு விலையே இல்லை என்று கருதிக்கொள்கிறது; காலை நான்கரைக்குக் கடை திறக்க யார் எழுவது, காய்ச்சலில் படுத்தால் அன்றிரவு யார் நிற்பது என்று கேட்டவுடன் அந்தக் கூலி வேறு வடிவில் திரும்பி வந்துவிடுகிறது. குடும்பமே நடத்தும் சிறுகடைகள் லாபம் காட்டிக்கொண்டே நலிவதற்கு இந்த எழுதாத கூலிதான் காரணம். யார் நின்றாலும் எழுநூறு ரூபாயை எழுதுவது என்று மகன் உறுதியாக இருந்தார். தந்தை அதை முழுமனதோடு ஏற்றார் என்று சொல்ல முடியாது.

பதினைந்து விழுக்காடு விளிம்பு நல்லதா கெட்டதா என்பதை அந்த எண்ணே சொல்லாது. பாடநூல்களில் வரும் கணக்குகள் பெரும்பாலும் விழுக்காட்டைக் கண்டுபிடித்ததோடு நின்றுவிடுகின்றன. நடைமுறையில் வேலை அங்கேதான் தொடங்குகிறது. விளிம்பு எவ்வளவு என்பதை, விற்பனை வழக்கமாக எவ்வளவு விழும் என்பதோடு வைத்துப் பார்க்க வேண்டும். இரண்டு விழுக்காட்டுக்கு மேல் ஒருபோதும் ஏற்ற இறக்கம் காணாத வியாபாரத்துக்குப் பதினைந்து தாராளம். பாதியாகக் குறையக்கூடிய வியாபாரத்துக்கு அது ஒன்றுமே இல்லை. இதற்கான அளவுகோல் மகனின் படிப்பிலிருந்து கிடைக்கவில்லை, தந்தையின் பால் நோட்டிலிருந்து கிடைத்தது. பால்காரருக்கு வாரந்தோறும் கணக்குத் தீர்ப்பதற்காக எழுதிவைக்கப்பட்ட அந்த நோட்டில் வேளைவாரியாக லிட்டர் குறிக்கப்பட்டிருந்தது. ஆர்டர் இருந்த மாதங்களில் மாலை வேளைக்கு 12 லிட்டர் வாங்கப்பட்டிருந்தது. ஆர்டர் குறைந்த மாதங்களில் அது எட்டாக இறங்கியிருந்தது. தீபாவளி போனஸ் வாங்கிக்கொண்டு ஊருக்குப் போனவர்கள் திரும்பி வரும்வரை அதைவிடவும் குறைவு. மூன்றில் ஒரு பங்கு விழுவது அந்தத் தெருவில் அதிசயம் அல்ல, ஆண்டுக்கு ஒருமுறையாவது வந்துபோகும் நிலை என்பது நோட்டின் சாட்சியம். அதுவும் மாலை வேளைக்கான அளவுதான். கம்பெனி வேலையைக் குறைக்கும்போது முதலில் நிறுத்துவது இரண்டாம் ஷிப்டை என்பதால், இரவு அதைவிட மோசமாகவே விழும்.

225 டீ மூன்றில் ஒரு பங்கு குறைந்தால் 150. லாப நட்டமற்ற புள்ளிக்கு 40 டீ கீழே. இரவுக்கு 280 ரூபாய், வாரத்துக்கு 1,680 ரூபாய் கையைவிட்டுப் போகும். நல்ல வாரத்தில் வருவதாகக் கணக்கிட்ட கூடுதல் லாபமோ 1,470 ரூபாய்தான். வந்த வேகத்தைவிடப் போகும் வேகம் அதிகம். இதற்கு மேல் ஒன்றும் உண்டு: நிரந்தரமாக இரவுக்கு வரும் மாஸ்டர்கள் முன்பணம் கேட்பது தொழில் வழக்கம், இந்தக் கடையில் பேசிய மாஸ்டர் கேட்டது 15,000 ரூபாய். வியாபாரம் படுத்துவிட்டால் கடைநேரத்தைச் சுருக்கிக்கொள்ளலாம், முன்பணத்தைச் சுருக்க முடியாது. வாங்கியவர் வேறு ஊருக்குப் போய்விட்டால் அதைத் தேடிப் போவதும் வீண். தவிர, பதினொரு மணிக்கு மேல் ரோந்து வரும் காவலர்கள் கடையை மூடச் சொல்லும் இரவுகள் எந்த ஊரிலும் உண்டு. அத்தகைய இரவில் கூலியும் பாலும் செலவாகிவிட்ட பிறகே விற்பனை நிற்கிறது.

ஒன்றரை மணித் திட்டம் இவ்வாறு கைவிடப்பட்டது. ஆனால் விளிம்பு போதாது என்றால் இரண்டு வழிகள் உண்டு: விற்பனையை உயர்த்துவது ஒன்று, லாப நட்டமற்ற புள்ளியைத் தாழ்த்துவது மற்றொன்று. முதலாவது கடைக்காரரின் கையில் இல்லை. இரண்டாவதற்காக மகன் நான்கு மணி நேரத்தையும் ஒரே துண்டாகப் பார்ப்பதை விட்டு மணிவாரியாகப் பிரித்தார். சராசரி இரவின் 260 டீயில், ஒன்பதரை முதல் பத்தரைக்குள் 105, அடுத்த மணியில் 70, அதற்கடுத்த மணியில் வெறும் 25, ஷிப்ட் விடும் கடைசி மணியில் 60 என்று விற்றிருந்தது. நள்ளிரவை ஒட்டிய ஒரு மணி நேரம் ஏறக்குறையச் சும்மா எரிந்திருக்கிறது. கடைசி மணியின் அறுபதைப் பிடிப்பதற்காகவே அந்த மணி நேரத்தையும் தாங்க வேண்டியிருந்தது. பதினொன்றரைக்கே மூடினால் 175 டீ கிடைக்கும். இரண்டு மணி நேரத்துக்குப் புதிய மாஸ்டர் தேவையில்லை, மாலை மாஸ்டரே நீடிக்கலாம்.

நீடிப்பவருக்கு அதே கூலி விகிதம் போதாது. வாரத்துக்கு ஆறு நாள், நாளுக்கு எட்டு மணி நேரம் என்று 48 மணி நேரத்தை ஏற்கெனவே நிறைவு செய்துவிட்டவரிடம் கூடுதல் வேலை வாங்கினால் இரட்டிப்புக் கூலி என்பது தொழிலாளர் சட்டங்களின் பொதுவான நெறி. மகன் அதையே எழுதினார். எட்டு மணி நேரத்துக்கு 700 வாங்கும் மாஸ்டருக்கு இரண்டு மணி நேரத்துக்கு 350, நானூறு வாங்கும் உதவியாளருக்கு 200. காஸ் 70, மின்சாரம் 15; கடைசிக் கூட்டத்துக்காக ஊகத்தில் காய்ச்ச வேண்டியதில்லை என்பதால் வீணாகும் பால் 30 ரூபாயோடு நிற்கும். மொத்தம் 665 ரூபாய், அதாவது 95 டீ. இடம்பெயர்ந்த 35 டீயை, அதில் காலை நேரத்துக்கு உரியது குறையும் என்று தெரிந்தும், அப்படியே கழித்தால் புதிய விற்பனை 140. விளிம்பு 32 விழுக்காடு. மூன்றில் ஒரு பங்கு வீழ்ச்சிக்கு இது மயிரிழையில் போதவில்லை.

முடிவை எட்டவைத்தது மாலை மாஸ்டர் சொன்ன ஒரு வார்த்தை. “ஆறு நாளும் பத்து மணி நேரம் பாய்லர் முன்னாடி நிக்க ஒடம்பு தாங்காதுங்க, வாரத்துல மூணு நாள்னா நிக்கிறனுங்க” என்று அவர் சொன்னபோது, மகன் அதைத் தடையாக எடுத்துக்கொள்ளாமல் மூன்று இரவுகளைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பாக எடுத்துக்கொண்டார். ஆறு இரவின் சராசரி என்பது நலிந்த திங்களையும் கொழுத்த சனியையும் ஒரே தட்டில் வைத்த எண். திங்களை மட்டும் தனியே பார்த்தால் அது ஆர்டர் இருந்த காலத்திலேயே நட்டத்தில் ஓடியிருந்தது. வியாழன், வெள்ளி, சனி மூன்றையும் மட்டும் எடுத்துக்கொண்டால் பதினொன்றரைக்குள் விற்றது சராசரி 198. கழிக்க வேண்டியதைக் கழித்தால் 163. லாப நட்டமற்ற புள்ளி 95. விளிம்பு 68 டீ, ஏறக்குறைய 42 விழுக்காடு.

இந்த மூன்று இரவுகளில் வாரத்துக்குக் கிடைக்கும் கூடுதல் லாபம் 1,428 ரூபாய். ஆறு இரவும் ஒன்றரை மணி வரை விழித்திருந்து பெறக்கூடியதாகக் கணக்கிட்டது 1,470. வித்தியாசம் 42 ரூபாய். லாபத்தை மட்டும் ஒப்பிட்டிருந்தால் பெரிய திட்டமே சிறந்ததாகத் தோன்றியிருக்கும். விளிம்பை ஒப்பிட்டபோது, அந்த நாற்பத்திரண்டு ரூபாய்க்காக ஏற்கும் ஆபத்தின் அளவு தெரிந்தது. பால் விலை லிட்டருக்கு நான்கு ரூபாய் ஏறினால் என்ன ஆகும் என்றும் பார்த்தார்கள். ஒரு டீயில் மிஞ்சுவது 24 காசு குறைய, சிறிய திட்டத்தின் விளிம்பு 40 விழுக்காட்டை ஒட்டியும் பெரிய திட்டத்தின் விளிம்பு 13-க்கும் கீழாகவும் இறங்கின.

இந்தக் கணக்குக்கு அப்பால் நிற்கும் சங்கடங்களும் உண்டு. மூன்று நாள் திறந்து மூன்று நாள் மூடும் கடை, வாடிக்கையாளருக்குப் பிடிமானம் தராது. இன்று இருக்குமா என்று யோசிப்பவர் வேறு கடைக்குப் பழகிவிடக்கூடும். இதற்காகக் கிழமைகளை எழுதிய பலகை ஒன்று கடை முகப்பில் வைக்கப்பட்டது, ஆனாலும் செவ்வாயன்று வந்து திரும்பியவர்கள் இல்லாமலில்லை. கடன் நோட்டும் ஒரு தொல்லை: சனிக்கிழமை தருவதாகச் சொல்லிக் குடித்த டீ விற்பனையில் ஏறிவிடுகிறது, பணம் வராவிட்டால் விளிம்பிலிருந்து அதைக் கழிக்க வேண்டும். சம்பள நாளை உள்ளடக்கிய மூன்று இரவுகளைத் தேர்ந்தது இதில் ஓரளவு உதவியது.

2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியப் பொருள்கள் பலவற்றின் மீது அமெரிக்கா விதித்த இறக்குமதி வரி 50 விழுக்காடாக உயர்ந்தது. அமெரிக்க ஆர்டர்களை நம்பியிருந்த பின்னலாடைக் கம்பெனிகள் வேலையைக் குறைத்தன. எதிர்பார்த்தபடியே இரண்டாம் ஷிப்ட் முதலில் நின்றது. கடையின் மூன்று இரவுகளிலும் புதிய விற்பனை 163-இலிருந்து சராசரி 118-க்கு வந்தது. இறக்கம் ஏறத்தாழ 28 விழுக்காடு. 95-க்கு மேல் இன்னும் 23 டீ இருந்ததால், இரவுக்கு 161 ரூபாய் என்ற சிறு லாபத்தோடு கடை தொடர்ந்தது. பெரிய திட்டத்தில் இறங்கியிருந்தால் அதே விகிதத்தில் 225 டீ 163 ஆகியிருக்கும், இரவுக்கு 189 ரூபாய் நட்டத்தோடு பதினைந்தாயிரம் முன்பணமும் வெளியே நின்றிருக்கும். இவ்வளவும் நிகழ்ந்த பிறகும், கணக்கு ஜெயித்தது என்று சொல்வது மிகை. வரி உயரும் என்று அந்தக் கணக்குக்குத் தெரியாது. விளிம்பான 42 விழுக்காட்டைவிடப் பெரிய வீழ்ச்சி வந்திருந்தால் சிறிய திட்டமும் நட்டத்தில்தான் ஓடியிருக்கும். அப்படி ஓடினாலும் மறுவாரமே ஒன்பதரைக்கு மூடிக்கொள்ள முடிந்திருக்கும் என்பதே அதன் கூடுதல் பலம்.

தந்தையும் மகனும் இப்போது ஒரு விதி வைத்திருக்கிறார்கள்: மூன்று இரவுகளின் புதிய விற்பனை தொடர்ந்து நான்கு வாரம் 95-க்குக் கீழே போனால் கடை பழையபடி ஒன்பதரைக்கு மூடப்படும், தொடர்ந்து இரண்டு மாதம் 160-க்கு மேல் நின்றால் புதன்கிழமையைச் சேர்ப்பது பற்றி மாஸ்டரிடம் பேசப்படும். பால் நோட்டில் வேளைக்கு ஒரு கட்டம் என்றிருந்த பக்கங்களில், ஒன்பதரைக்குப் பிந்தைய நேரத்துக்குத் தனிக் கட்டம் போடப்பட்டிருக்கிறது. இரண்டு நிபந்தனைகளும் இதுவரை நிறைவேறவில்லை. கடை வியாழன், வெள்ளி, சனி இரவுகளில் பதினொன்றரை வரையும் மற்ற நாள்களில் ஒன்பதரை வரையும் திறந்திருக்கிறது.